‘இயல்பா இருங்க’ என்று சொல்லாதீர்கள்

சுயாதீனப் படம் எடுக்கும் நண்பர்கள் நடுவில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. காசு கொடுத்துக் கூட்டிவரும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகளை நிறுத்தினால் கூட்டம் செயற்கையாகத் தெரியும், ஊர்மக்களையே கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டால் யதார்த்தம் தானாக வந்து விழும் என்பதுதான் அது. நேர்காணல்களில் பெருமையாகச் சொல்கிறார்கள்: “நாங்க யாருக்கும் எதுவுமே சொல்லல சார், நேச்சுரலா இருங்கன்னு விட்டுட்டோம்.” அதைக் கேட்டு விமர்சகர்களும் தலையாட்டுகிறார்கள். படத்தைப் பார்த்தால், பின்னால் நிற்கிற நாற்பது பேரும் தங்கள் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

உதவி இயக்குநராக இருந்த வருடங்களில் நான் பெரும்பாலும் பார்த்த வேலை அட்மாஸ்பியர். சினிமாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கதாபாத்திரங்களுக்குப் பின்னால் நடக்கிற, நிற்கிற, டீ குடிக்கிற, சைக்கிள் தள்ளுகிற அத்தனை பேருக்கும் செட்டில் பெயர் அட்மாஸ்பியர். அவர்களை ஃபிரேமுக்குள் குறுக்கே அனுப்புவது பாஸிங். “பாஸிங் விடு” என்பது ஒரு கடைநிலை உதவியாளனின் காதில் ஒரு நாளைக்கு நூறு தடவை விழும் வாக்கியம். இந்த வேலையை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. புதிதாகச் சேர்ந்தவனிடம் தள்ளிவிடுவார்கள். அவன் கையில் மைக்கைக் கொடுத்து, “ஜனங்கள ஃபில் பண்ணு” என்பார்கள். ஃபில் பண்ணு என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளத்தில் மண் நிரப்புவதைப் போல.

என் வாதம் எளிமையானது. தன்னார்வமாக வந்து நிற்கும் மனிதர்கள் இயல்பாக இல்லாமல் போனால் பழி அவர்கள்மேல் இல்லை. அவர்களுக்குச் செய்வதற்கு எதையும் கொடுக்காத இயக்குநர்மேல்தான். இயல்பு என்பது அவர்கள் வீட்டிலிருந்து பையில் போட்டு எடுத்துவருகிற பொருளும் இல்லை. ஒரு மனிதர் பஸ் ஸ்டாண்டில் இயல்பாக இருப்பதற்குக் காரணம், அவர் ஏதோ ஒரு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார். அந்தப் பஸ்ஸைப் பிடுங்கிவிட்டு, காமிராவை எதிரில் வைத்துவிட்டு, “முன்ன மாதிரியே இருங்க” என்றால் எப்படி இருப்பார்?

சினிமாவின் ஆரம்பத்திலிருந்தே இது இப்படித்தான். லூமியேர் சகோதரர்கள் 1895இல் தங்கள் தொழிற்சாலை வாசலில் எடுத்த படத்தை உலகின் முதல் படங்களில் ஒன்றாகச் சொல்கிறோம். தொழிலாளர்கள் வாசலைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். நடிகர் கிடையாது, வெறும் கூட்டம். யதார்த்தத்தின் முதல் துண்டு என்று பாடம் நடத்துவார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் வண்டி இழுக்கும் குதிரை ஒன்று, இன்னொன்றில் இரண்டு, மூன்றாவதில் குதிரையே இல்லை. அதாவது ‘ஒன் மோர்’ கேட்டிருக்கிறார்கள். வெளியே வருபவர்கள் இடம் வலமாகப் பிரிந்து போகிறார்கள், நேராகக் காமிராவை நோக்கி வந்து முட்டுபவர் யாருமில்லை. யாரோ ஏதோ சொல்லித்தான் அனுப்பியிருக்க வேண்டும். என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் அடிக்கடி யோசித்துப் பார்ப்பதுண்டு. “இயல்பா இருங்க” என்று நிச்சயம் சொல்லியிருக்க மாட்டார்கள். “வேலை முடிஞ்சு கிளம்புங்க, நீங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்” என்றிருப்பார்கள். அதுதான் சரியான குறிப்பு. அவர்களுக்குத் தெரிந்த ஒரு வேலை, போவதற்கு ஒரு திசை.

இதற்கு எதிர்வாதமாக எல்லோரும் இழுத்துவருவது ‘காந்தி’ படத்தின் இறுதி ஊர்வலம். 1981 ஜனவரி 31 அன்று டெல்லியில் எடுத்தது. மூன்று லட்சம் பேர் வந்தார்கள் என்றும் அதில் பெரும்பகுதியினர் தாமாக வந்தவர்கள் என்றும் சொல்லப்படுகிறது. திரையில் அது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். “மூணு லட்சம் பேருக்கு யார் போய் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்தாங்க?” என்று கேட்பார்கள். கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. ஊர்வலம் என்பது பார்ப்பதற்கென்றே இருக்கிற ஒன்று. சாலையில் ஒரு வண்டி வருகிறது, அதில் உடல் இருக்கிறது, இருபுறமும் நிற்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். நிஜமான 1948 ஊர்வலத்திலும் மக்கள் அதைத்தான் செய்தார்கள். கூட்டத்துக்குப் பார்க்க ஒரு பொருள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கபடிப் போட்டி, தேர், தெருக்கூத்து, அரசியல் கூட்டம் எல்லாம் இந்த வகை. சிக்கல் மற்ற வகையில்தான்: சந்தை, பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி வராந்தா, கல்யாண மண்டபத்தின் பந்தி வாசல். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஜோலி. அந்த ஜோலிகளை நாம்தான் கொடுக்க வேண்டும்.

விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூரில் நடந்த ஒரு படப்பிடிப்பைச் சொல்கிறேன். படத்தின் பெயர் வேண்டாம். காட்சி இதுதான்: வீட்டைவிட்டுப் போன பெண் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். சாயங்காலம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டிப்போக யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்கிறாள். வரவில்லை. போன் போடுகிறாள், மறுமுனையில் துண்டிக்கிறார்கள். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள். நாற்பது நொடி, ஒரே ஷாட், ஸ்டாண்டில் அசையாத காமிரா. லைவ் சவுண்ட். பயன்பாட்டில் இல்லாத பழைய பஸ் ஸ்டாண்டை அனுமதி வாங்கி எடுத்திருந்தோம். நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள்: மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பதினெட்டுப் பேர், கல்லூரி மாணவர்கள் ஒரு பன்னிரண்டு, மீதி ஊர்ப் பெரியவர்களும் குழந்தைகளும். யாருக்கும் சம்பளம் இல்லை. சாப்பாடும் வண்டிக்கூலியும் உண்டு.

இயக்குநர் மைக்கில் பேசினார். “எல்லாரும் கேளுங்க. கேமராவப் பாக்கக் கூடாது. நடிக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. இயல்பா இருங்க.” முதல் டேக் போனது. நான்கு தடைகளையும் ஒரு புதிரையும் கேட்ட நாற்பத்து மூன்று பேரும் ‘ஆக்‌ஷன்’ சொன்ன நொடியில் சாவி கொடுத்த பொம்மைகளைப் போல ஒன்றாக நடக்க ஆரம்பித்தார்கள். ஒரே வேகம், ஒருவருக்கொருவர் ஒரே இடைவெளி. ஃபிரேமின் விளிம்பு எங்கே என்று யாரும் காட்டியிருக்காததால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாணவர் காமிராவுக்கு முன்னால் வந்ததும் தலைமுடியைக் கோதிவிட்டார். “என்னப்பா இது, ஸ்கூல் டிராமா மாதிரி நடிக்கிறாங்க” என்றார் இயக்குநர், மைக்கை அணைக்காமலே.

இரண்டாவது டேக்குக்கு முன்னால் வயல்வேலை செய்து காய்ந்த கைகளோடு ஒரு அக்கா என்னிடம் வந்து கேட்டார்: “தம்பி, நாங்க எந்த ஊர் பஸ்ஸுக்கு நிக்கிறோம்?”

அந்த செட்டில் இருந்த முப்பது தொழில்நுட்பக் கலைஞர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. திரைக்கதையில் அதற்குப் பதில் கிடையாது. “அருப்புக்கோட்டை பஸ்க்கா. நேரமாச்சு, இன்னும் வரல” என்றேன். “அப்ப நான் ஏன் நிக்கணும்? அது வர அரை மணி ஆகுமே” என்றவர் பையைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் தூணில் சாய்ந்து குத்தவைத்து உட்கார்ந்தார். இன்னொரு அம்மாவும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மானிட்டரில் அந்த மூலை மட்டும் திடீரென்று பஸ் ஸ்டாண்டாக மாறியது.

நிஜமான பஸ் ஸ்டாண்டில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நடந்துகொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சாய்ந்திருக்கிறார்கள், ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கிறார்கள். நம் படங்களில் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த அத்தனை பேரும் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறார்கள். மைக்கைப் பிடித்திருப்பவனுக்கு ‘பாஸிங் விடு’ ஒன்றுதான் தெரியும் என்பதால்.

பிறகு அந்த ஷாட்டைச் சரிசெய்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதிவைப்பதில்லை. காமிரா கோணம் பற்றித் தமிழில் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பின்னால் நிற்கிற மனிதரிடம் என்ன பேசுவது என்று ஒரு பக்கம் இல்லை.

முதலில் இயக்குநரையும் நடிகையையும் தனியே அனுப்பிவிட்டோம். அவர்கள் ஒத்திகை பார்க்கும் நேரத்தில் மற்றவர்களை வெயிலில் நிறுத்துவது அநியாயம். தவிர, தன்னார்வலர்களிடம் மூன்று நான்கு நல்ல டேக்குகள்தான் இருக்கின்றன. அதற்குமேல் அவர்கள் களைத்துப் போவார்கள், அல்லது அதைவிட மோசமாக, நடிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அந்த நான்கையும் நடிகையின் வசனத் தடுமாற்றத்துக்குச் செலவழிக்கக் கூடாது.

நிழலில் எல்லோரையும் உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். முழுக்கதை இல்லை, இந்த நாற்பது நொடி மட்டும். “ஒரு பிள்ள வீட்ட விட்டுப் போயிட்டுத் திரும்பி வருது. கூப்பிட ஆள் வரல. உங்களுக்கு அந்தப் பிள்ளையத் தெரியாது. உங்க உங்க பஸ்ஸுக்கு நிக்கிறீங்க.” இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெரும்பாலான செட்டுகளில் அட்மாஸ்பியருக்கு வருபவர்களுக்குப் படத்தின் பெயர்கூடத் தெரியாது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு காமிராவுக்குத் தெரியும் இடத்தை மூன்று ஆழங்களாகப் பிரித்தோம். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். எங்களிடம் இருந்தது சூப்பர் 35 அளவு சென்ஸார், 35 எம்.எம். லென்ஸ். அந்தச் சேர்க்கையில் காமிராவிலிருந்து 5 மீட்டரில் ஃபிரேமின் அகலம் மூன்றரை மீட்டர்தான். சாதாரணமாக நடக்கிற மனிதர் அதை மூன்று நொடிக்குள் கடந்துவிடுவார். 20 மீட்டர் தள்ளி அகலம் 14 மீட்டர், கடக்கப் பதினோரு நொடி ஆகும். அதாவது காமிராவுக்குப் பக்கத்தில் போகிறவர் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைகிறார், நடிகையை மறைக்கவும் செய்கிறார். நாற்பது நொடி ஷாட்டில் அப்படி மூன்று பாஸிங் போதும்; நான்காவது வந்தாலே பார்வையாளன் நடிகையை விட்டுவிட்டு யார் குறுக்கே வருகிறார்கள் என்று எண்ண ஆரம்பிப்பான். தூரத்தில் போகிறவரோ நிதானமாக ஊர்ந்துகொண்டிருப்பார், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். ஆகவே நடக்கிறவர்களில் அதிகம் பேரைக் கடைசி ஆழத்துக்கு அனுப்பினோம், இரண்டிரண்டு மூன்றுமூன்று பேராக, ஏனென்றால் நம் ஊர்களில் தனியாக நடப்பவர்கள் குறைவு. நடிகை உட்காரும் பெஞ்சை ஒட்டிய நடு ஆழத்தில் பதினோரு பேர். ஷாட்டின் உயிர் அங்கேதான், ஃபோகஸ் அங்கேதான்.

அந்தப் பதினோரு பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன், மைக் இல்லாமல். ஒருவருக்கு ஒரு நிமிடம். எங்கே ஆரம்பிக்கிறீர்கள், என்ன வேலை, எதைப் பார்த்ததும் அந்த வேலையைத் தொடங்க வேண்டும், முடிந்தால் அடுத்து என்ன. இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு பெரியவரிடம் “டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணுங்க அய்யா” என்று சொல்லிவிட்டு வந்தால் எட்டு நொடியில் எண்ணி முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். “எண்ணுங்க, ரெண்டு ரூபா குறையும், சட்டைப்பையில தேடுங்க, கிடைக்கலன்னா அப்படியே பெஞ்சுல உக்காந்துக்கோங்க” என்று சொன்னால் நாற்பது நொடிக்கும் அவருக்கு வாழ்க்கை இருக்கிறது. அந்த இரண்டு ரூபாயை நிஜமாகவே குறைத்துத்தான் கொடுத்தேன். தேடுவது போல நடிப்பது கடினம், தேடுவது சுலபம்.

பைகளும் அப்படியே. காலிப் பையைத் தூக்கி நடக்கிறவரை எந்தப் பார்வையாளனும் கண்டுபிடித்துவிடுவான். பை காற்றில் ஆடும், தோள் சாயாது. கட்டைப்பைகளில் பழைய பேப்பரும் அடியில் ரெண்டு செங்கலும் வைத்தோம். தலைமுடி கோதிய மாணவருக்கு ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்து, காமிராவுக்கு முதுகைக் காட்டிக் கடைசி ஆழத்தில் நடக்கச் சொன்னோம். பாரம் இருந்தால் யாருக்கும் ஸ்டைல் வராது. தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. படத்தில் மிக நன்றாக நடந்தவர் அவர்தான்.

‘காமிராவைப் பார்க்காதே’ என்ற கட்டளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதைவிட உதவாத வாக்கியம் படப்பிடிப்பில் இல்லை. பார்க்காதே என்று சொன்னதும் கழுத்து விறைத்துக்கொள்கிறது. பார்வை காமிராவைத் தவிர்ப்பதற்காகவே ஒரு வட்டம் அடித்துவிட்டு வருகிறது, அந்த வட்டம் திரையில் தெரியும். கண்ணுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டால் தடையே வேண்டாம். பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முடிவுசெய்து, அந்தப் பக்கம் ஃபிரேமுக்கு வெளியே ஒரு உதவியாளரைப் புரொடக்‌ஷன் வேனின் மேல் ஏற்றி நிறுத்தினோம். “பஸ் வருதான்னு அப்பப்ப அவனப் பாருங்க” என்றோம். அவன் நடுவில் ஒரு முறை துண்டை ஆட்டினான். ஏழெட்டுப் பேர் ஒரே திசையில் கழுத்தை நீட்டி, பஸ் இல்லை என்றதும் தளர்ந்தார்கள். அந்தத் தளர்வை எந்த நடிப்புப் பயிற்சியாலும் வாங்க முடியாது. (குழந்தைகளுக்கு இதுவும் எடுபடாது. அவர்கள் காமிராவைப் பார்த்தே தீருவார்கள். நான்கு பேருக்குக் கோலிக்குண்டு வாங்கிக் கொடுத்து, அரை மணி முன்னாடியே விளையாட விட்டுவிட்டோம். ஷாட் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது.)

அடுத்தது எல்லோரும் ஒன்றாகத் தொடங்கும் நோய். மருந்து மிகச் சாதாரணமானது. ‘ரோல்’ சொன்னதும் முதலில் அட்மாஸ்பியரைத் தொடங்க வைக்க வேண்டும். ஐந்தாறு நொடி அந்த இடம் தன்போக்கில் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் நடிகைக்கு ‘ஆக்‌ஷன்’. அப்போது அவள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற ஓர் உலகத்துக்குள் இறங்குகிறாள். நடக்க வேண்டியவர்களையும் ஒரே குரலில் தொடங்க வைக்கவில்லை. சங்கிலியாகக் கோத்தோம்: பூக்கார அம்மா தூணைத் தாண்டியதும் மாணவர் இருவர், அவர்கள் டீக்கடையை எட்டியதும் சைக்கிள்காரர். சத்தம் போட முடியாத லைவ் சவுண்டில் இதற்கு இன்னொரு லாபம் உண்டு. ஒவ்வொருவரும் இன்னொரு மனிதரைக் கவனித்துக்கொண்டிருப்பதால் காமிரா ஞாபகமே அவர்களுக்கு வராது.

பேச்சு விஷயத்தில்தான் இயக்குநரோடு தகராறு வந்தது. லைவ் சவுண்ட் என்பதால் பின்னால் இருப்பவர்கள் குரல் எழுப்பக் கூடாது, நடிகையின் குரல் மட்டும் சுத்தமாக வேண்டும். கூட்டத்தின் இரைச்சலைப் பிற்பாடு தனியாகப் பதிவுசெய்து சேர்ப்பார்கள். “வாய மட்டும் அசைங்க” என்பது செட்டின் வழக்கம். அசைத்துப் பாருங்களேன். குரல் இல்லாமல் பேசச் சொன்னால் மனிதர்கள் அந்தக் குறையைக் கையாலும் தலையாலும் ஈடுகட்டுகிறார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள், எல்லோரும் கை நீட்டுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஊமைக் கூத்து. நான் சொன்னது: மூன்று பேர் நின்றால் ஒருவர் மட்டும் வாயசைக்கட்டும், மற்ற இருவரும் கேட்கட்டும். பாதிக் குழுக்களுக்குப் பேச்சே வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் கூடவே வந்தவர்களுக்குப் பேச என்ன மிச்சம் இருக்கும்? வேர்க்கடலை உரிக்கட்டும். “டல்லா இருக்கும்” என்றார் இயக்குநர். டல்லாக இருப்பதுதான் சாயங்கால பஸ் ஸ்டாண்ட் என்று பதில் சொன்னேன். செருப்புச் சத்தத்துக்கு மட்டும் நடக்கிறவர்களை வெறுங்காலோடு நடக்கச் சொன்னோம். பாதம் ஃபிரேமில் தெரியாதவர்களை மட்டும். அதுவும் தரை சூடு தணிந்த பிறகு.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. நடிகை அழுகிறாள். பக்கத்தில் பதினோரு பேர். அவர்கள் என்ன செய்வார்கள்?

இயக்குநரின் ஆணை: யாரும் அவளைப் பார்க்கக் கூடாது, ஃபோகஸ் கெட்டுவிடும். நம் படங்களில் கதாநாயகி நடுத்தெருவில் உடைந்து அழுவாள், சுற்றியிருப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் போலக் காய்கறி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். இதைத்தான் நான் பொய் என்கிறேன். எந்த ஊரில் ஒரு பெண் பஸ் ஸ்டாண்டில் அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? அதற்காகப் பதினோரு பேரும் பார்த்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். மூன்று பேரிடம் மட்டும் சொன்னோம். சில்லறை எண்ணும் பெரியவர் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வார். பெஞ்சின் மறுமுனையில் இருக்கும் இளைஞர் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் நிற்பார், தனியாக இருக்கும் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு. அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கிற அக்காவிடம், “நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “பாத்துட்டே இருப்பேன். என்னன்னு கேக்கணும்னு இருக்கும். கேக்க மாட்டேன்” என்றார். அதையே செய்யச் சொன்னோம். அந்த ஊர் அந்தப் பெண்ணை எப்படி வரவேற்கப் போகிறது என்பதைப் படம் அடுத்த ஒன்றரை மணி நேரம் சொல்கிறது. அந்த மூன்று பார்வைகளில் அது ஏற்கெனவே இருந்தது.

மூன்றாவது டேக் ஓகே ஆனது. ஓகே சொல்வதற்கு முன் ஒரு பழக்கம் உண்டு: பிளேபேக்கை ஒரு முறை நடிகையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பது. மானிட்டரில் அவள் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டால் மற்ற தப்புகள் எல்லாம் எழுந்து நிற்கும். அப்படிப் பார்த்ததில் ஒரு நிழல் தெரிந்தது. சாயங்கால வெயிலில் நிழல் நீளம் அல்லவா? ஃபிரேமை விட்டு வெளியேறிய இரண்டு பேர் விளிம்பைத் தாண்டிய உடனே நின்றுவிட்டதால் அவர்களின் நிழல்கள் மட்டும் தரையில் அசையாமல் கிடந்தன. எல்லைக்கோட்டைக் காட்டினால் மட்டும் போதாது, அதைத் தாண்டி இன்னும் பத்தடி போகச் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்கு இன்னொரு டேக் எடுத்தோம். அதில் இடதுபக்கம் போன ஒரு ரத்தச்சிவப்புப் புடவை மறுபடி வலதுபக்கத்திலிருந்து வந்தது. ஆள் பற்றாக்குறையால் ஒருவரையே இரண்டு முறை அனுப்பலாம், ஆனால் பளிச்சென்ற நிறத்தை ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். ஆகவே மூன்றாவது டேக்கையே எடுத்துக்கொண்டு, நிழல் விழும் முன் வெட்டினார்கள்.

இதில் மேதைமை எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் செலவானது. முந்தைய நாள் டிரோன் ஷாட் ஒன்றுக்காக அரை நாள் காத்திருந்த யூனிட்தான் அது. ஆளுக்கு ஒரு நிமிடம் பேசுவது நேரவிரயம் என்று அதே யூனிட்டில் முணுமுணுத்தார்கள்.

வேறொரு செட்டில் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும். அதுவும் தன்னார்வக் கூட்டம், ஒரு கிராமத்துத் திருவிழாக் காட்சி. உதவியாளர் ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, “கலரா இருக்கறவங்க முன்னாடி வாங்க, மத்தவங்க பின்னாடி போங்க” என்றார். அந்த மக்களின் சொந்த ஊர், சொந்தக் கோயில் மைதானம். பின்னால் போன ஒரு பாட்டி, “எங்க கோயில்ல எங்கள எதுக்குடா பின்னாடி தள்ளுற?” என்று கேட்டார். படம் சாதியைப் பற்றியது, முற்போக்கான படம், விழாக்களுக்கெல்லாம் போனது. முன்வரிசையை நிறத்தால் தேர்ந்தெடுத்த படத்தில் இயல்பு எங்கிருந்து வரும்? “ஏய் பச்சச் சட்ட”, “அந்தக் குண்டம்மா” என்று மைக்கில் கூப்பிடுவதும் இதே ரகம். பெயர் தெரியாவிட்டால் அண்ணா, அக்கா என்று கூப்பிடக்கூடவா தமிழில் சொல் இல்லை?

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ‘ஊர்மக்களை வைத்து எடுத்தோம்’ என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் யதார்த்தத்துக்காக அப்படிச் செய்யவில்லை, மிச்சம் பிடிப்பதற்காகச் செய்கிறார்கள். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்பது ஒரு தொழில். ஒரே பாஸிங்கைப் பத்து டேக்கிலும் அதே வேகத்தில், அதே கையில் அதே பையோடு நடந்து காட்டும் பெண்களை எனக்குத் தெரியும். க்ளோசப் எடுக்கும்போது எந்த நொடியில் தாங்கள் பின்னால் கடந்தோம் என்று கண்டினியூட்டி பார்ப்பவருக்கே எடுத்துச் சொல்வார்கள். அவர்களைச் செயற்கை என்று ஒதுக்குவதும் அநியாயம்தான். அவர்களிடமும் இதே இயக்குநர்கள் எந்த ஊர் பஸ் என்று சொன்னதில்லை. பட்ஜெட் உள்ள படம் சம்பளத்துக்கு ஆள் எடுக்கட்டும். பட்ஜெட் இல்லாத படம் தன்னார்வலர்களைக் கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் எத்தனை மணிக்கு முடியும் என்று உண்மையைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று இடம் பார்க்கப் போகும்போதே பார்த்துவைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். போகத்தான் செய்வார்கள்; மாடு இருக்கிறது, பள்ளிவிட்டுப் பிள்ளைகள் வரும். ஒளி ஒத்துழைத்தால் முழுக்கூட்டம் தேவைப்படும் வைட் ஷாட்டுகளை முதலில் எடுத்துவிட்டு, மாலைக்குப் பத்துப் பேரை வைத்து எடுக்கக்கூடிய நெருக்கமான ஷாட்டுகளை மிச்சம் வைப்பதுதான் முறை. எங்கள் ஷாட்டுக்குச் சாயங்கால வெயில் வேண்டியிருந்ததால் மதியத்துக்கு மேல்தான் அவர்களை வரச் சொல்லியிருந்தோம். எங்கள் நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூடப் பாதியில் போகவில்லை.

ஷாட் முடிந்த பிறகு எல்லோரையும் திண்ணையில் உட்கார வைத்து, சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் மைக்கோடு நடுவில் உட்கார்ந்தார். அதுவரை அடக்கிவைத்த பேச்சைப் பேசச் சொன்னோம். பஸ்ஸைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, எதைப் பற்றியும். பத்து நிமிடம் பதிவு செய்தோம். படத்தில் அந்த நாற்பது நொடிக்குப் பின்னால் ஒலிப்பது அதுதான். கூர்ந்து கேட்டால், அருப்புக்கோட்டை பஸ் இன்னும் வரவில்லை என்று அந்த அக்கா டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பது கேட்கும். டைட்டிலில் ‘ஊர்ப் பொதுமக்களுக்கு நன்றி’ என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். நாற்பத்து மூன்று பெயர்களையும் எழுதிக்கொடுத்திருந்தேன், இடம் போதவில்லை என்றார்கள். கேட்டரிங் கம்பெனியின் பெயர் இருக்கிறது.